விலை குறைந்த பொடி பக்கத்திலேயே இருந்தும் ஏன் இதை வாங்குகிறார்கள்? வாடிக்கையாளர் நேர்காணலுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தெருமுனை மளிகைக் கடையில் காபிப் பொடி பாக்கெட் தொங்குகிறது. அதைத் தாண்டி இரண்டு தெரு நடந்து, வறுத்து அரைக்கும் கடைக்குப் போய், கிலோவுக்கு 200 ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கொடுத்துப் பொடி வாங்கி வருகிறார்கள் சிலர். அந்தக் கூடுதல் பணத்தை எதற்காகக் கொடுக்கிறார்கள்? கடைக்காரரைக் கேட்டால் "எங்க கொட்டை அப்படி" என்பார். வாங்குபவரைக் கேட்டால் "டேஸ்ட்" என்பார். இரண்டு பதிலுமே பொய்யில்லை. ஆனால் அடுத்த மாதம் எதை மாற்றுவது, எதைத் தொடவே கூடாது என்று இந்தப் பதில்களை வைத்து முடிவு செய்ய முடியாது.

வறுத்து அரைத்து விற்கும் காபிப் பொடிக் கடையை உதாரணமாக வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். கீழே வரும் வீடுகளும் பேச்சுகளும் இந்த வகை நேர்காணல்களில் வழக்கமாக வருவதைக் கோத்து நான் அமைத்தவை. எந்த ஒரு கடையையும் குறிப்பவை அல்ல.

"ஏன்" என்று நேராகக் கேட்டால் என்ன கிடைக்கும்

நிஸ்பெட், வில்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1977இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு மலிவு விலைக் கடையில் நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று வருகிறவர்களைக் கேட்டார்கள். நான்கும் ஒரே மாதிரி. ஒரு துளி வித்தியாசம் கிடையாது. வலது ஓரத்தில் இருந்ததை 40 சதவீதம் பேர் தேர்ந்தெடுத்தார்கள். இடது ஓரத்தில் இருந்ததை 12 சதவீதம் பேர்தான். காரணம் கேட்டபோது, வைத்திருந்த இடம்தான் காரணம் என்று ஒருவர்கூடத் தாமாகச் சொல்லவில்லை. வைத்த இடம் உங்கள் முடிவைப் பாதித்திருக்குமா என்று கேட்டும் அநேகமாக எல்லோரும் மறுத்துவிட்டார்கள்.

அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. காரணம் கேட்டால், கேட்ட நொடியில் பொருத்தமாகத் தோன்றும் ஒன்றைச் சொல்வது மனித இயல்பு. அதனால் நேர்காணலில் நாம் தேட வேண்டியது காரணத்தை அல்ல, சம்பவத்தை. விலை குறைந்தது கையெட்டும் தூரத்தில் இருந்து, அதை எடுக்காமல் விட்ட நாள், அல்லது எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்த நாள். அந்த நாளில் வரிசையாக என்ன நடந்தது என்று தெரிந்துவிட்டால், காரணத்தை நாமே படித்துக்கொள்ளலாம்.

எந்த முடிவுக்காகப் பேசப் போகிறீர்கள்

முதல் வீட்டுக்குப் போகும் முன் ஒரு தாளில் ஒரே வாக்கியம் எழுதுங்கள்: இந்தப் பேச்சுகள் முடிந்ததும் எந்த முடிவை எடுக்கப் போகிறோம்? நம் கடைக்காரர் விஷயத்தில் அது இப்படி இருக்கலாம்: "செலவைக் குறைக்க, கடையிலேயே அரைத்துக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, மொத்தமாக அரைத்து பாக்கெட்டில் விற்கலாமா?" இப்படித் திட்டமாக ஒரு கேள்வி இருந்தால்தான், பேச்சின் நடுவே எந்த இடத்தில் தோண்ட வேண்டும் என்று தெரியும். "வாடிக்கையாளரைப் புரிந்துகொள்ள" என்று எழுதிக்கொண்டு கிளம்பினால் நிறைய நல்ல வார்த்தைகளோடு திரும்பி வருவீர்கள், அவ்வளவுதான்.

யாரைத் தேடிப் போவது

எல்லோரும் முதலில் போவது பத்து, பதினைந்து வருஷமாக வாங்கும் விசுவாசிகளிடம். அவர்களிடமிருந்துதான் மிகக் குறைவாகத் தெரிந்துகொள்ள முடியும். எதை விட்டு இதற்கு வந்தார்கள் என்பது அவர்களுக்கே மறந்து போயிருக்கும். வாங்குவது பழக்கமாகிவிட்டது, பழக்கத்துக்குக் கதை இருக்காது.

கதை வைத்திருப்பவர்கள் நான்கு வகை. கடந்த மூன்று மாதத்துக்குள் விலை குறைந்த பொடியை விட்டு உங்களிடம் வந்தவர்கள் முதல் வகை. உங்களுடையதையும் மலிவானதையும் மாற்றி மாற்றி வாங்குபவர்கள் இரண்டாவது. எந்த நாளில் எது என்று அவர்களிடம் தெளிவான கணக்கு இருக்கும். உங்களை விட்டு மலிவானதற்குப் போய்விட்டவர்கள் மூன்றாவது. போய்விட்டுத் திரும்பி வந்தவர்கள் நான்காவது. இந்த நான்காவது வகைதான் தங்கம். விலை வித்தியாசத்தைத் தன் பணத்திலேயே சோதித்துப் பார்த்து, மறுபடி கூடுதலாகக் கொடுக்க முடிவு செய்தவர்கள் அவர்கள். இரண்டு பேர் கிடைத்தாலும் விடாதீர்கள்.

ஒவ்வொரு வகையிலும் மூன்று பேர் என்று 12 வீடு வைத்துக்கொண்டு தொடங்கலாம். கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் என்ற ஆய்வாளர்கள் கானாவிலும் நைஜீரியாவிலும் நடத்திய 60 நேர்காணல்களை அலசி 2006இல் எழுதினார்கள்: முக்கியமான கருத்துகள் அநேகமாக எல்லாமே முதல் 12க்குள் வந்துவிட்டன. ஆனால் அது ஓரளவு ஒரே மாதிரியான ஆட்களிடம் ஒரே விஷயத்தைப் பேசியதில் வந்த கணக்கு. வீடுகளோடு ஓட்டல்களுக்கும் பொடி போடுகிறீர்கள் என்றால், ஓட்டல்காரர்களுக்குத் தனியாக இன்னொரு வரிசை வேண்டும். கடைசி இரண்டு மூன்று வீட்டில் புதிதாக ஒன்றும் வரவில்லை என்றால் நிறுத்தலாம். வந்துகொண்டே இருந்தால் நிறுத்தாதீர்கள்.

ஆளை எடுக்கும்போது போனில் மூன்று கேள்வி போதும். கடைசியாக எப்போது பொடி வாங்கினீர்கள்? கடைக்குப் போனது யார்? வீட்டில் காபி போடுவது யார்? கடைசி இரண்டையும் பிரித்துக் கேட்பது முக்கியம். பல வீடுகளில் வாங்குவது ஒருவர், போடுவது ஒருவர், குறை சொல்வது மூன்றாமவர். வாங்கும் கணவரிடம் மட்டும் ஒரு மணி நேரம் பேசினால், "அவங்க சொன்னாங்க, நான் வாங்கினேன்" என்பதுதான் கிடைக்கும். பிராண்டைத் தேர்ந்தெடுத்தவர் சமையலறையில் இருக்கிறார். அவரைத்தான் பார்க்க வேண்டும்.

அழைக்கும்போது பிராண்டின் பெயரைச் சொல்லாதீர்கள். "வீட்டுக்குக் காபிப் பொடி வாங்குவது பற்றி முக்கால் மணி நேரம் பேசணும்" என்றால் போதும். பேசியதற்கு 300, 400 ரூபாய் பணமாகவே கொடுங்கள். அரைக் கிலோ பொடி கொடுத்தால், யாருக்காக வந்திருக்கிறீர்கள் என்று புரிந்து பேச்சு இனிக்க ஆரம்பித்துவிடும். கடை முதலாளியும் நேர்காணலுக்குப் போகக் கூடாது. வீட்டுக்கு வந்தவரின் முகத்துக்கு நேரே அவர் பொருளைக் குறை சொல்ல நம் ஊரில் யாருக்கும் மனசு வராது.

சமையலறையில், வேலை ஓய்ந்த நேரத்தில்

முடிந்தால் வீட்டிலேயே பேசுங்கள். காலை பதினொரு மணி வாக்கில் போனால் ஆள் கொஞ்சம் நிதானமாக இருப்பார், பொருட்களும் கண் முன்னால் இருக்கும். பொடி டப்பா, ஃபில்டர், மேல் அலமாரியில் ஒதுங்கிக் கிடக்கும் பழைய பாக்கெட் எல்லாமே சாட்சிகள். போனில் பேசினால் இவை தப்பிவிடும். ஒருவர் பேச, இன்னொருவர் எழுத, இரண்டு பேர் போவது நல்லது. மூன்றாவது ஆள் வந்தால் விசாரணை மாதிரி ஆகிவிடும்.

பதிவு செய்வதற்கு முன் அனுமதி கேளுங்கள். எதற்காகப் பதிவு, யார் கேட்பார்கள், எப்போது அழிப்போம் என்று சொல்லுங்கள். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தகவல் எதற்கென்று தெளிவாகச் சொல்லிச் சம்மதம் வாங்குவதைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறது. மறுத்தால் போனை உள்ளே வைத்துவிட்டு எழுதிக்கொள்ளலாம்.

பேச்சு எப்படிப் போக வேண்டும்

பொதுவான கேள்வியில் தொடங்காமல் கடைசியாக வாங்கிய நாளில் தொடங்குங்கள். என்ன கிழமை, எத்தனை மணி, கூட யார், டப்பாவில் எவ்வளவு மிச்சம் இருந்தது. இந்தச் சின்னச் சின்னக் கேள்விகள் ஞாபகத்தைத் திறந்துவிடும். "வழக்கமா நான் என்ன பண்ணுவேன்னா" என்று பதில் போகும்போதெல்லாம், "சரிக்கா, போன தடவை என்ன ஆச்சு?" என்று மெதுவாக அந்த ஒரு நாளுக்கே திருப்பிக் கொண்டு வாருங்கள். "வழக்கமா" என்ற சொல்லுக்குப் பின்னால் வருவது, அவர் தன்னைப் பற்றி வைத்திருக்கும் சித்திரம். நடந்தது வேறாக இருக்கலாம்.

அங்கிருந்து மலிவான பொடி குறுக்கே வந்த நாளுக்குப் போங்கள். ஒரு பேச்சை அப்படியே தருகிறேன்.

"நடுவுல எப்பவாவது வேற பொடி வாங்கினீங்களாக்கா?"

"பொங்கலுக்குக் கடையை மூடிட்டாங்க. சூப்பர் மார்க்கெட்ல ஒரு பாக்கெட் எடுத்தேன்."

"மறுநாள் காலையில எழுந்து என்ன பண்ணீங்க?"

"எப்பவும் போலதான். பொடியைப் போட்டு, வெந்நீர் ஊத்திட்டுக் கோலம் போடப் போயிட்டேன். வந்து பார்த்தா கீழ இறங்கவே இல்ல."

"அப்புறம்?"

"தட்டிப் பார்த்தேன். மூடியைத் திறந்து ஸ்பூனால கிண்டி விட்டேன். அவர் ஆறே காலுக்குக் கிளம்பணும். கடைசியில பக்கத்து வீட்டுல இன்ஸ்டன்ட் ரெண்டு ஸ்பூன் வாங்கிக் கலந்து கொடுத்தேன்."

"அந்தப் பாக்கெட் இப்ப எங்க இருக்கு?"

"மேல இருக்கு பாருங்க."

ரப்பர் பேண்ட் போட்டு, முக்கால் பங்கு அப்படியே இருக்கிற பாக்கெட். இதே அக்கா பேச்சின் ஆரம்பத்தில் "எங்களுக்கு இந்தக் கடை டேஸ்ட்தான் பிடிக்கும்" என்று சொல்லியிருப்பார். சம்பவத்தில் ருசி எங்கேயுமே வரவில்லை. அந்தப் பாக்கெட் காபியை அவர் ஒரு வாய் குடித்துப் பார்ப்பதற்குள்ளேயே கதை முடிந்துவிட்டது. பொடி ரொம்ப நைஸாக இருந்ததால் ஃபில்டரின் துளைகள் அடைத்துக்கொண்டன. அவருடைய ஃபில்டர் அளவுக்குச் சரியான பதத்தில் அரைத்துக் கொடுப்பதற்குத்தான் அவர் கூடுதல் பணம் கொடுக்கிறார்.

இந்தப் பேச்சில் கேட்டவர் ஒரு "ஏன்" கூடப் போடவில்லை என்பதைக் கவனியுங்கள். "அப்புறம்", "மறுநாள்", "எங்க" மட்டும்தான். இன்னொன்று, அவர் வேண்டுமென்றே சும்மா இருக்கும் இடங்கள். ஒரு பதில் முடிந்ததும் மூன்று நான்கு நொடி பேசாமல் இருந்தால், எதிரில் இருப்பவர் பெரும்பாலும் தானே அடுத்த வாக்கியத்தைச் சேர்ப்பார். கையில் கேள்வித்தாள் வைத்திருப்பவர்கள் அந்த நொடியில் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறார்கள், நல்ல விஷயம் அங்கேதான் நழுவுகிறது.

ஒரு படி மேலே, இரண்டு படி மேலே

சம்பவம் கிடைத்தபின், அது அவருக்கு ஏன் பெரிய விஷயம் என்று தெரிய வேண்டும். பொருளின் ஒரு குணத்திலிருந்து அதன் விளைவுக்கும், விளைவிலிருந்து அவர் மனசில் அது தொடும் இடத்துக்கும் படிப்படியாக ஏறுவது சந்தை ஆய்வில் பழைய முறை. "டிகாஷன் இறங்கலைன்னா என்ன ஆகும்?" என்று கேட்கலாம். "அவர் லேட் ஆயிடுவார்." "லேட் ஆனா?" "அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார். எனக்குத்தான் நாள் ஆரம்பமே சரியில்லாம போன மாதிரி இருக்கும். அந்த நேரத்துல இன்னொரு தடவை போடவும் முடியாதே."

இங்கே நின்றுவிடுங்கள். காலை ஐந்தரைக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது, அதனால் தவறாத ஒன்று வேண்டும். இது கடையில் செயலாக மாற்றக்கூடிய பதில். இன்னும் ஒரு "அப்படி ஆனா?" போட்டால் "குடும்பம் சந்தோஷமா இருக்கணும்ல" என்று வரும். சோப்பு, இன்சூரன்ஸ், புடவை எதற்கும் அந்தப் பதில் பொருந்தும். எல்லாப் பொருளுக்கும் பொருந்துகிற பதில் வந்துவிட்டால் ஒரு படி அதிகமாக ஏறிவிட்டீர்கள் என்று அர்த்தம். ஒரு படி இறங்கி, முந்தைய பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

சிலருக்குச் சம்பவம் எதுவும் ஞாபகம் வராது. அவர்களிடம் மூன்று பொருள் வைத்துக் கேட்கும் முறை உதவும். உளவியலாளர்கள் 1950களிலிருந்து கையாண்டு வரும் வழி இது. உங்கள் பொடி, சூப்பர் மார்க்கெட் பாக்கெட், இன்ஸ்டன்ட் டப்பா மூன்றையும் மேஜையில் வையுங்கள். "இதுல எந்த ரெண்டு ஒரே மாதிரி, எது தனி?" என்று கேளுங்கள். நீங்கள் எதிர்பார்ப்பது: பொடி இரண்டும் ஒரு பக்கம், இன்ஸ்டன்ட் தனி. ஒருவர் பாக்கெட்டையும் இன்ஸ்டன்டையும் ஒன்றாகத் தள்ளி வைத்து, "இது ரெண்டும் யாரோ போட்டு வச்சது. இது நான் நின்னு சொல்லி அரைச்சது" என்று சொல்லலாம். அவர் மனசில் உள்ள பிரிவு நம்முடைய பிரிவாக இல்லை என்று அப்போது தெரியும். அடுத்து வேறு மூன்று பொருள் வைத்து மறுபடி கேட்கலாம். நான்கைந்து சுற்றுக்கு மேல் போனால் அலுத்துவிடுவார்கள்.

விலை பற்றிக் கேட்கும் விதம்

"இதற்கு எவ்வளவு வரை கொடுப்பீர்கள்?" என்ற கேள்வியை நேர்காணலில் கேட்கவே வேண்டாம். பணம் கையை விட்டுப் போகாத இடத்தில் சொல்லும் தொகைக்கு மதிப்பில்லை. கேட்க வேண்டியவை வேறு: போன தடவை எவ்வளவு கொடுத்தீர்கள்? பக்கத்துக் கடையில் என்ன விலை இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? போன முறை விலை ஏறியபோது அந்த வாரம் என்ன செய்தீர்கள்?

இரண்டாவது கேள்வியில் பல கடைக்காரர்களுக்கு அதிர்ச்சி காத்திருக்கும். வீடுகளில் பொடியைக் கால் கிலோ, 200 கிராம் என்று வாங்குகிறார்கள். ஞாபகத்தில் இருப்பது கொடுத்த நோட்டும் வாங்கிய மீதியும்தான். கிலோ விலை மனசில் இருக்காது. பாக்கெட்டின் எடை வேறாக இருப்பதால் ஒப்பிட்டும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆக, "கூடுதல் விலை கொடுத்தும் வாங்குகிறார்கள்" என்று நாம் ஒரே கட்டில் போட்டவர்களில் இரண்டு விதமானவர்கள் இருக்கிறார்கள். கூடுதல் என்று தெரிந்தே கொடுப்பவர்கள், கூடுதல் என்று தெரியாமலே கொடுப்பவர்கள். இரண்டாமவர்களிடம் காரணம் தேடிப் பயனில்லை, அவர்கள் மலிவானதைத் தள்ளவே இல்லை. ஒருநாள் மகனோ மருமகளோ போனில் விலையைக் காட்டினால் போய்விடக்கூடும். ஒவ்வொரு வீட்டுத் தாளிலும் இந்த வித்தியாசத்தைத் தவறாமல் குறித்து வையுங்கள்.

எங்கே தடம் புரளும், எப்படித் தெரியும்

"தரம்", "நம்பிக்கை", "ஸ்ட்ராங்" மூன்றும் ஆபத்தான சொற்கள், ஏனென்றால் கேட்டதும் புரிந்துவிட்டதாகத் தோன்றும். "ஸ்ட்ராங்" என்பதை எடுத்துக்கொள்வோம். சிக்கரியிலிருந்து தண்ணீரில் கரைந்து வருவது காபியைவிட அதிகம். அதனால் சிக்கரி கூடுதலாகக் கலந்த பொடியில் டிகாஷன் கறுப்பாக, கெட்டியாக இறங்கும். விலையும் குறைவு. இந்திய உணவுத் தர விதிப்படி காபி சிக்கரிக் கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும். கலவை விகிதத்தைப் பாக்கெட்டில் அச்சிடவும் வேண்டும். ஆகவே "எனக்கு ஸ்ட்ராங்கா வேணும்" என்று சொல்லும் ஒருவருக்குப் பிடித்திருப்பது, உங்கள் 80க்கு 20 பொடியைவிட மலிவான பாக்கெட்டில் அதிகமாக இருக்கும் அதே சிக்கரியாக இருக்கலாம். இன்னொருவருக்கு ஸ்ட்ராங் என்றால் கசப்பு. வேறொருவருக்குப் பால் நிறைய ஊற்றினாலும் நிறம் நிற்பது. "எப்படி இருந்தா ஸ்ட்ராங்னு சொல்வீங்க? ஸ்ட்ராங்கா இல்லாத காபியை எப்போ, எங்க குடிச்சீங்க?" என்று கேட்டு, ஒரு குறிப்பிட்ட டம்ளர் வரை கொண்டு போகாமல் இந்தச் சொல்லை எழுதிக்கொள்ளாதீர்கள். விற்கும் பொருளின் இந்த மாதிரி விவரங்கள் பேட்டி எடுப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர் "ஸ்ட்ராங்" என்று எழுதி வந்து கொடுப்பார், கடைக்காரர் சிக்கரியைக் குறைத்து, வாடிக்கையாளரை இழப்பார்.

இரண்டாவது, பக்கத்தில் ஆள் இருப்பது. மாமியார் கூடத்தில் உட்கார்ந்திருந்தால் மருமகளின் பதில் வேறு. மூடிய ஃபில்டரைக் கையில் எடுத்து "இதைக் கொஞ்சம் காட்டுங்களேன்" என்று சமையலறைக்குள் நகர்ந்தால், பாதி வீடுகளில் பேச்சே மாறுவதைக் காணலாம்.

மூன்றாவது, மரியாதைக்குச் சொல்லும் பாராட்டு. "ரொம்ப நல்லா இருக்கும்ப்பா" என்பது வருகிறவருக்குத் தண்ணீர் கொடுப்பது போன்ற உபசாரம். அதைத் தாண்டிப் போக, "உங்க தங்கச்சி இந்தக் கடையில வாங்கப் போறேன்னு சொன்னா, எதைப் பார்த்து வாங்கச் சொல்வீங்க?" என்று கேளுங்கள். குறை சொல்வதாக இல்லாமல் தங்கைக்கு அக்கறையாகப் பேசுவதாக ஆகிவிடும். "சாயங்காலம் போகாத, கூட்டத்துல அவசரமா அரைச்சுக் கொடுத்துடுவாங்க" என்ற மாதிரி விஷயம் இந்தக் கேள்விக்குத்தான் வரும்.

வீடு திரும்பியதும்

அன்றைக்கே எழுத வேண்டும். இரண்டு நாள் விட்டால் இரண்டு வீட்டுக் கதை கலந்துவிடும். ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். மேல் பாதியில் நடந்ததைத் தேதி வரிசையில் எழுதுங்கள். கீழ்ப் பாதியில் நான்கு வரி: பழையதிலிருந்து எது தள்ளியது, புதியதில் எது இழுத்தது, மாறும்போது என்ன பயம் இருந்தது, எந்தப் பழக்கம் பிடித்து நிறுத்தியது. நம் அக்காவின் பக்கத்தில், அடைத்துக்கொண்ட ஃபில்டர் தள்ளியது. நின்று சொல்லி அரைப்பது இழுத்தது. இன்னொரு பாக்கெட்டும் அப்படியே இருந்தால் என்ற பயம். கடை அவர் கோயிலுக்குப் போகும் வழியில் இருப்பது பழக்கம்.

பிறகு இரண்டு நிறப் பேனா எடுத்து, நடந்த சம்பவத்தில் வந்ததை ஒரு நிறத்திலும், சும்மா கருத்தாகச் சொன்னதை இன்னொரு நிறத்திலும் அடிக்கோடிடுங்கள். காரணங்களைச் சம்பவ நிறத்திலிருந்து மட்டும் எடுங்கள். இந்த ஒரு ஒழுங்கை விட்டுவிட்டால் மற்ற உழைப்பெல்லாம் வீண் என்பேன்.

12 பக்கத்தையும் தரையில் பரப்பி ஒத்த கதைகளைச் சேருங்கள். நம் உதாரணத்தில் இப்படி விழுந்தது என்று வைத்துக்கொள்வோம்: ஐந்து வீட்டில் அரைப்புப் பதம். இரண்டு வீட்டில் கூடுதல் விலை என்றே தெரியவில்லை. இரண்டு வீட்டில் தினசரிக்கு மலிவான பாக்கெட், விருந்தாளி வந்தாலும் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்குக் கொடுத்தனுப்புவதற்கும் மட்டும் இந்தக் கடைப் பொடி. மீதி மூன்றும் விட்டுப் போனவர்கள்: ஒரு வீட்டில் காபி போட்டுக்கொண்டிருந்த அம்மா மகள் வீட்டுக்குப் போய்விட்டார், மற்ற இரண்டு வீட்டில் ஃபில்டரையே தூக்கி வைத்துவிட்டு இன்ஸ்டன்டுக்கு மாறிவிட்டார்கள்.

விட்டுப் போன மூவரும் விலைக்காகப் போகவில்லை. காபி போடும் ஆள் மாறியபோது, அல்லது ஃபில்டர் பயன்பாடே நின்றபோது போனார்கள். அரைப்புக் கதை சரியாக இருந்தால் இப்படித்தான் நடக்க வேண்டும் என்பதால், இது அந்தக் கதைக்கு வலு சேர்க்கிறது. மாறாக, விட்டுப் போனவர்களில் ஒருவராவது "அதே ஃபில்டர்தான், அந்த மலிவுப் பாக்கெட் நல்லாவே இறங்குது" என்று சொல்லியிருந்தால் கதையில் ஓட்டை. உங்கள் விளக்கத்துக்கு எதிரான வீட்டை வேண்டுமென்றே தேடுங்கள், கிடைத்தால் ஒதுக்காதீர்கள்.

எதைச் சொல்ல முடியாது, அடுத்து என்ன

12இல் ஐந்து என்றால் 42 சதவீதம் என்று யாருக்கும் அறிக்கை எழுதாதீர்கள். வகைக்கு மூன்று பேர் என்று நாமே பொறுக்கி எடுத்த வீடுகள் இவை. என்னென்ன காரணங்கள் இருக்கின்றன என்று நேர்காணல் சொல்லும். எத்தனை பேருக்கு எது என்று சொல்லாது. எவ்வளவு விலை ஏற்றலாம் என்பதையும் சொல்லாது.

ஆனால் எதைச் சோதிக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. கடையில் அரைப்பதை நிறுத்தும் முடிவைத் தள்ளி வையுங்கள். இரண்டு கிளை இருந்தால் ஒன்றில் மட்டும், புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் "எந்த ஃபில்டர் வச்சிருக்கீங்க, எத்தனை பேருக்குப் போடுவீங்க?" என்று கேட்டு, அதற்கேற்ப அரைத்து, பதத்தைப் பையின் மேல் பேனாவால் எழுதிக் கொடுக்கட்டும். மற்ற கிளை வழக்கம்போல் நடக்கட்டும். ஆறு வாரம் ஓட விட்டு, முதல் தடவை வாங்கியவர்களில் மூன்று வாரத்துக்குள் இரண்டாம் தடவை வந்தவர்கள் எத்தனை பேர் என்று இரண்டு கிளையிலும் எண்ணுங்கள். பில்லில் போன் எண் வாங்கும் கடையில் இது சிரமமே இல்லை. சோதனைக்கு முந்தைய ஆறு வாரத்துக்கும் அதே எண்ணிக்கையை எடுத்து வையுங்கள். இரண்டு கிளைக்கும் ஏற்கெனவே இருந்த வித்தியாசம் அப்போதுதான் தெரியும்.

வித்தியாசம் தெரியவில்லை என்றால், அரைப்பு என்பது ஏற்கெனவே வாங்குபவர்களைப் பிடித்து வைக்கும் காரணமாக இருக்கலாம், புதியவர்களை இழுக்கும் காரணம் வேறாக இருக்கலாம். அப்போது முதல் வகையில் இருந்த மூன்று வீட்டுப் பக்கங்களை, அதாவது அண்மையில் மாறி வந்தவர்களுடையதை, மட்டும் தனியே எடுத்து மறுபடி படியுங்கள். அந்த வகையில் இன்னும் நான்கு பேரைத் தேடிப் போய், முதல் தடவை கடைக்குள் காலெடுத்து வைத்த நாளைப் பற்றி மட்டும் பேசி வாருங்கள்.